காதல் ஸ்ப்ரெட்டில் இரண்டு கோர்ட் கார்டுகள் அருகருகே வந்தால்

டாரட் கற்கத் தொடங்குகிறவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ராஜா, ராணி போன்ற அரசவை ஆட்களைக் காட்டும் கோர்ட் கார்டுகள்தான். எண் சீட்டுகளில் ஏதோ ஒரு காட்சி நடக்கிறது. ஒருவர் படகில் போகிறார், ஒருவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொள்கிறார், ஒருவர் நாணயம் செதுக்குகிறார். கோர்ட் கார்டில் ஒரு ஆள் மட்டும் இருக்கிறார். காதல் பற்றிய கேள்விக்கு அப்படி இரண்டு ஆட்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றால், "இவர் யார், அவர் யார், நடுவில் வேறு யாராவது இருக்கிறார்களா" என்று மனம் ஓட ஆரம்பித்துவிடும். அந்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு, இரண்டு சுபாவங்கள் சந்திக்கின்றன என்று பார்த்தால், இந்த ஜோடி நிறையவே பேசும். எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் அடிப்படை. டாரட் கட்டில் 78 சீட்டுகள். அதில் 22 மேஜர் ஆர்க்கானா, மீதி 56 மைனர் ஆர்க்கானா. அந்த 56-க்குள் நான்கு குடும்பங்கள் உண்டு: வாண்ட்ஸ், கப்ஸ், ஸ்வார்ட்ஸ், பென்டகிள்ஸ். ஒவ்வொரு குடும்பத்திலும் பேஜ், நைட், குயின், கிங் என்று நான்கு பேர். ஆக மொத்தம் 16 கோர்ட் கார்டுகள். காதல் கேள்விக்குச் சீட்டுகளைப் பரப்பும் ஸ்ப்ரெட்டில் "நான்" என்ற இடத்திலும் "அவர்" என்ற இடத்திலும் ஒரே சமயத்தில் கோர்ட் கார்டு விழுவது, நன்றாகக் கலைத்த கட்டில், சராசரியாக 25 தடவைக்கு ஒரு தடவைதான் நடக்கும். அடிக்கடி வராது என்பதால்தான் வரும்போது பலருக்குக் கை ஓடுவதில்லை.

நான் இங்கே பேசுவது ரைடர் வெய்ட் ஸ்மித் கட்டை வைத்து. 1909-இல் லண்டனில் வெளியானது. ஆர்தர் எட்வர்ட் வெய்ட் திட்டமிட, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். இன்று கடையில் கிடைக்கும் பல கட்டுகள் இதன் வழி வந்தவை. உங்களிடம் இருப்பது தோத் கட்டு என்றால் அதில் கிங் கிடையாது. நைட், குயின், பிரின்ஸ், பிரின்சஸ் என்று வரிசை வேறு. அங்கே படங்களும் வேறு என்பதால் கீழே சொல்வதை அப்படியே பொருத்த முடியாது.

பழைய முறையில் கோர்ட் கார்டை முடி நிறம், தோல் நிறம், வயது இவற்றை வைத்து அடையாளம் சொன்னார்கள். வெய்ட்கூட அப்படி ஒரு பட்டியல் தந்திருக்கிறார். ஐரோப்பிய முகங்களுக்காகப் போட்ட கணக்கு அது. கறுத்த முடிதான் எல்லோருக்கும் என்றிருக்கிற இடத்தில் அதை வைத்து எதையும் பிரிக்க முடியாது. அதைவிட முக்கியமான குறை, ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் வாசிப்பு அங்கேயே முடிந்துவிடும். "ஓ, இது அவர்தான்" என்று தெரிந்த பிறகு சீட்டு புதிதாக எதையும் சொல்வதில்லை. குயினை ஆணுக்கும், நைட்டைப் பெண்ணுக்கும் தயங்காமல் படிக்கலாம். சுபாவத்துக்கு ஆண் பெண் இல்லை.

சுபாவத்தை எங்கிருந்து எடுப்பது? குடும்பத்திலிருந்து. வாண்ட்ஸ் நெருப்பு, கப்ஸ் நீர், ஸ்வார்ட்ஸ் காற்று, பென்டகிள்ஸ் நிலம். இந்த அளவுக்கு எல்லா அறிமுகங்களிலும் இருக்கும். ஆனால் நெருப்பு என்றால் ஆவேசம், நீர் என்றால் உணர்ச்சி என்று ஒற்றை வார்த்தையில் மனப்பாடம் செய்தால், இரண்டு சீட்டைச் சேர்த்துப் படிக்கும்போது கைகொடுக்காது. ஒரு படி உள்ளே போக வேண்டும்.

அரிஸ்டாட்டில் இந்த நான்கு பூதங்களையும் இரண்டு ஜோடிக் குணங்களால் விளக்கினார். ஒரு ஜோடி சூடு, குளிர்ச்சி. மற்றொன்று ஈரம், வறட்சி. நெருப்பு சூடும் வறட்சியும். காற்று சூடும் ஈரமும். நீர் குளிர்ச்சியும் ஈரமும். நிலம் குளிர்ச்சியும் வறட்சியும். கிரேக்க மருத்துவர்கள் மனிதர்களின் நான்கு வகை சுபாவங்களையும் இதே குணங்களோடு சேர்த்து விளக்கினார்கள். (நம் ஊரில் சூட்டு உடம்பு, குளிர்ச்சி உடம்பு என்று சொல்வதோடு இதைக் கலக்க வேண்டாம். கணக்கு வேறு. இந்தக் குணக் கணக்கில் பூதங்களும் ஐந்தல்ல, நான்குதான்.)

வாசிப்புக்காக இந்தக் குணங்களை நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன். சூடு உள்ளவர் வெளியே வருவார். முதலில் பேசுவார், முதலில் அடி எடுத்து வைப்பார். குளிர்ச்சி உள்ளவர் உள்ளே வைத்துக்கொள்வார். வருவதை வாங்கிக்கொண்டு மெதுவாகப் பதில் தருவார். ஈரம் உள்ளவர் எதிரில் இருப்பவருக்குத் தக்கபடி வடிவம் மாறுவார். வறட்சி உள்ளவர் தன் வடிவத்தை விடமாட்டார். வறட்சி என்றதும் அன்பில்லாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. சொன்ன சொல்லில் நிற்கிறவர்களிடமும் அதுதான் இருக்கிறது. ஈரம் எப்போதும் நல்லது என்றும் இல்லை. யாரோடு பேசினாலும் அவர்களைப் போலவே ஆகிவிடுகிறவரிடம் ஈரம் கூடிப்போயிருக்கிறது.

இப்போது இரண்டு சீட்டுகளை அருகருகே வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்த இருவருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? நெருப்புக்கும் காற்றுக்கும் சூடு பொது. இருவரும் வெளியே வருகிறவர்கள். நீருக்கும் நிலத்துக்கும் குளிர்ச்சி பொது. நெருப்புக்கும் நிலத்துக்கும் வறட்சி, காற்றுக்கும் நீருக்கும் ஈரம். மிஞ்சுவது இரண்டு ஜோடிகள்தான். நெருப்பும் நீரும், காற்றும் நிலமும். இவர்களுக்குள் பொதுவாக ஒன்றுமே இல்லை. 1888-இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற ரகசியச் சங்கம் சீட்டுகளைச் சேர்த்துப் படிக்க வகுத்த விதியும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது: இந்த இரண்டு ஜோடிகள் ஒன்றையொன்று பலவீனப்படுத்தும், மற்றவை ஒத்துப்போகும். வெய்ட், ஸ்மித் இருவருமே அந்தச் சங்கத்தில் இருந்தவர்கள். விதியை மனப்பாடம் செய்வதைவிட, எந்தக் குணம் பொது என்று பார்ப்பது நல்லது. ஒத்துப்போகும் என்று மட்டும் சொல்லாமல், எதில் ஒத்துப்போகும், எதில் உரசும் என்பதையும் அது காட்டிவிடும்.

அடுத்தது பதவி. பேஜ் இப்போதுதான் கற்றுக்கொள்கிறவர். அந்தக் குணம் அவரிடம் புதிது. நைட் குதிரை மேல் இருக்கிறார். குணம் நடமாட்டத்தில் இருக்கிறது, எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. குயினும் கிங்கும் உட்கார்ந்திருக்கிறார்கள். குயின் அந்தக் குணத்தை உள்ளிருந்து வாழ்கிறவர், கிங் அதை வைத்து வெளியே ஒன்றை நடத்துகிறவர். காதல் கேள்வியில் பதவியை வயதாகப் படிக்காமல், அந்த உறவில் அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று படிக்க வேண்டும். நாற்பது வயதுக்காரர் தன் மனதைச் சொல்லத் தெரியாமல் முதல் தடவையாகத் திணறினால் அவர் பேஜ்தான்.

சரி, ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். ஒரு பெண் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "சில மாதமாகப் பழகுகிறோம். நன்றாகப் பேசுகிறார், அன்பாக இருக்கிறார். ஆனால் அடுத்து என்ன என்று கேட்டால் மட்டும் தெளிவான பதில் இல்லை. எங்களுக்குள் என்ன நடக்கிறது?" மூன்று சீட்டு ஸ்ப்ரெட். இடது பக்கம் கேட்கிறவர், வலது பக்கம் அவர் பழகுகிறவர், இரண்டுக்கும் கீழே நடுவில் இருவருக்கும் இடையே இருப்பது. இடதில் குயின் ஆஃப் ஸ்வார்ட்ஸ் விழுகிறது. வலதில் நைட் ஆஃப் கப்ஸ். கீழே எயிட் ஆஃப் பென்டகிள்ஸ்.

முதலில் இரண்டு படங்களையும் அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். குயின் ஆஃப் ஸ்வார்ட்ஸ் பக்கவாட்டில் உட்கார்ந்து வலது பக்கம் பார்க்கிறாள். வலது கையில் வாள் செங்குத்தாக நிற்கிறது. இடது கை முன்னால் உயர்ந்திருக்கிறது. வா என்று அழைக்கிற மாதிரியும் இருக்கிறது, அங்கேயே நின்று பேசு என்கிற மாதிரியும் இருக்கிறது. கிரீடத்தில் பட்டாம்பூச்சிகள், அடிவானத்தில் மேகங்கள், மேலே ஒரு பறவை. நைட் ஆஃப் கப்ஸ் வெள்ளைக் குதிரையில் வருகிறான். குதிரை பாயவில்லை, நடக்கிறது. தலைக்கவசத்திலும் குதிகாலிலும் சிறகுகள், அங்கியில் மீன்கள், முன்னால் ஓர் ஆறு. கையில் கோப்பையை நீட்டிப் பிடித்திருக்கிறான். அவனும் வலது பக்கம்தான் பார்க்கிறான்.

குணக் கணக்கு: காற்றும் நீரும். பொதுவாக இருப்பது ஈரம். இருவருமே எதிரில் இருப்பவரைப் படித்து அதற்கேற்ப நகரத் தெரிந்தவர்கள். இவர்களுக்குள் பேச்சு நன்றாக ஓடுவதற்குக் காரணம் இது. இருவரும் இறுக்கிப் பிடிப்பதில்லை. பேச்சு ஒரு திசையில் முட்டினால் வேறு திசையில் போய்விடும். அதே ஈரம்தான் சிக்கலும். யாரும் ஒரு இடத்தில் நின்று "இதுதான்" என்று சொல்வதில்லை. கேட்கிறவர் மற்றவரைக் குற்றம் சொல்கிறார், ஆனால் சீட்டு இருவருக்குமே வறட்சி இல்லை என்கிறது. கேள்வியை அவரே எத்தனை நேரடியாகக் கேட்டிருக்கிறார் என்று இங்கே விசாரிக்கலாம். ஸ்வார்ட்ஸ் சுபாவம் உள்ளவர்கள் கூர்மையாக யோசிப்பார்கள். யோசித்ததையெல்லாம் அப்படியே கேட்டுவிடுவார்கள் என்பதில்லை.

உரசுவது சூடும் குளிர்ச்சியும். அவள் காற்று, மனதில் இருப்பது சொல்லாக வெளியே வந்தால்தான் அவளுக்கு அது உண்மை. அவன் நீர், அவனுக்கு உணர்ந்துவிட்டாலே போதும், சொல்லியாக வேண்டும் என்று தோன்றுவதில்லை. அவன் கோப்பையை நீட்டுகிறான், அவள் அதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறாள். அந்தக் கேள்வி அவனுக்குச் சந்தேகமாகப் படும். அவனுடைய மௌனம் அவளுக்கு மழுப்பலாகப் படும். யாரும் பொய் சொல்லவில்லை.

இங்கே பதவி ஒரு திருப்பம் தருகிறது. இந்த ஜோடியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வெளியே வரும் குணமுள்ள காற்று இங்கே உட்கார்ந்திருக்கிறது. உள்ளே அடங்கும் குணமுள்ள நீர் இங்கே குதிரை மேல் இருக்கிறது. அதாவது இருவருமே தங்கள் இயல்புக்குக் கொஞ்சம் மாறான நிலையில் இருக்கிறார்கள். நகர வேண்டியவள் காத்திருக்கிறாள், சொல்லத் தயங்குகிறவன் நகர்ந்து வந்திருக்கிறான். அவனுக்கு அந்த வருகையே பெரிய காரியம். வெய்ட் இந்தச் சீட்டுக்குத் தரும் பொருள்களும் வருகை, அணுகுதல், அழைப்பு போன்றவைதான். வந்ததையே பதிலாக அவன் நினைத்துக்கொண்டிருக்கலாம். அவளோ வந்ததைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டு, பதிலுக்காகக் கையை உயர்த்தியபடி இருக்கிறாள்.

அப்புறம் பார்வை. அவள் இடதில் இருந்து வலது பக்கம் பார்க்கிறாள், ஆக அவனைத்தான் பார்க்கிறாள். அவனும் வலது பக்கம் பார்ப்பதால் அவளுக்குத் தெரிவது அவன் முதுகு. உடனே "அவனுக்கு வேறு யாரோ இருக்கிறார்கள்" என்று சொல்லிவிடுவது தொடக்கத்தில் எல்லோரும் விழும் பள்ளம். வலது பக்கம் பெரும்பாலும் இனி வரப்போவதாகக் கொள்ளப்படும் பக்கம். அவன் மனதில் ஒரு கனவு ஓடிக்கொண்டிருக்கிறது, அவன் பார்ப்பது அதை. அதில் அவளும் இருக்கலாம். ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கும் இன்றைய அவளை அவன் முழுதாகப் பார்க்கவில்லை. வேறொருவர் உண்டா என்பதைப் பார்வையின் திசையை மட்டும் வைத்துச் சொல்லவே கூடாது. ஸ்ப்ரெட்டில் அதற்கென்று ஒரு இடம் வைக்கவில்லை என்றால் அந்தக் கேள்விக்கு அங்கே பதில் இல்லை.

மூன்றாவது சீட்டு நிலம். எயிட் ஆஃப் பென்டகிள்ஸில் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து, நாணயத்துக்குப் பின் நாணயமாகச் செதுக்கிக்கொண்டிருக்கிறார். இருவரிடமும் இல்லாத வறட்சி இங்கே இருக்கிறது. இந்த உறவுக்குத் தேவையானது ஒரு பெரிய பேச்சுவார்த்தை இல்லை, சொன்ன நாளில் வருவது, சொன்ன வேலையைச் செய்வது மாதிரியான சின்ன, திரும்பத் திரும்ப நடக்கிற விஷயங்கள். இதில் யாருக்குச் சுலபம், யாருக்குக் கஷ்டம் என்பதையும் குணமே காட்டும். நிலத்துக்கும் நீருக்கும் குளிர்ச்சி பொது. அன்பைச் சொல்வதைவிடச் செய்வது அவனுக்கு எளிது. நிலத்துக்கும் காற்றுக்கும் பொதுவாக ஒன்றுமில்லை. விளக்கம் இல்லாமல் தினமும் அதே மாதிரி போவது அவளுக்கு அலுப்பாக, சில நேரம் பதில் கிடைக்காத அவமானமாகவே தோன்றும். ஆகவே அவளிடம் சொல்லக்கூடியது: உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை ஒரே ஒரு தடவை, எந்தத் தேதிக்குள் என்பதோடு, நேராகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவர் சொல்வதை எடை போடாமல் செய்வதைப் பாருங்கள். குறித்த தேதிக்குள் செயலில் ஒன்றும் மாறவில்லை என்றால் அதுவும் தெளிவான பதில்தான்.

இதே இரண்டு சீட்டும் இடம் மாறி விழுந்தால் வாசிப்பே மாறிவிடும். கேட்கிறவர் இடதில் நைட் ஆஃப் கப்ஸ், மற்றவர் வலதில் குயின் ஆஃப் ஸ்வார்ட்ஸ். இப்போது கேட்கிறவர்தான் கோப்பையோடு போகிறார், குயின் அவருக்கு முகம் காட்டாமல் அப்பால் பார்க்கிறாள். குணக் கணக்கு அதேதான், பேச்சு ஓடும். ஆனால் "அவர் ஏன் பதில் சொல்லவில்லை" என்ற கேள்விக்கு இப்போது வேறு கோணம் கிடைக்கிறது: கோப்பையைக் கொடுப்பதற்கு முன், அது வேண்டுமா என்று கேட்கிறவர் விசாரித்தாரா என்பது. சீட்டின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு இடத்தைக் குறிக்காமல் விடுகிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

பொதுவாக ஒன்றுமில்லாத ஜோடி வந்தால் என்ன செய்வது? நைட் ஆஃப் வாண்ட்ஸும் குயின் ஆஃப் கப்ஸும் என்று வைத்துக்கொள்வோம். அவன் குதிரை முன்னங்காலைத் தூக்கி நிற்கிறது, பின்னால் பாலைவனம். அவள் கடலோரத்தில் உட்கார்ந்து, மூடி போட்ட ஒரு கோப்பையையே உற்றுப் பார்க்கிறாள். நெருப்பும் நீரும். "பொருந்தாது" என்று சொல்லிச் சீட்டை எடுத்து வைத்துவிடுவது எளிது, ஆனால் பலவீனப்படுத்தும் என்ற விதிக்குப் பிரிவு என்று பொருள் இல்லை. ஒருவர் பக்கத்தில் மற்றவருடைய இயல்பு மங்கும் என்றுதான் பொருள். அவளோடு இருக்கும்போது அவனுடைய வேகம் குறைகிறது, அவனோடு இருக்கும்போது அவளுக்குத் தன் மனதைக் கேட்க நேரம் கிடைப்பதில்லை. சிலருக்கு இது நிம்மதி, சிலருக்கு மூச்சுமுட்டல். எது என்று அந்த இரண்டு சீட்டுகளால் சொல்ல முடியாது. நடுச் சீட்டு காற்றாகவோ நிலமாகவோ இருந்தால் இருவரோடும் அதற்கு ஒரு குணம் பொதுவாக இருக்கும். காற்று என்றால் பேச்சு, நிலம் என்றால் வீடு, பணம், வேலை போன்ற கைக்கு எட்டும் விஷயங்கள் இருவரையும் சேர்க்கும். நடுச் சீட்டும் நெருப்போ நீரோ என்றால் ஒருவர் பக்கம் கனம் கூடிவிடுகிறது, மற்றவர் இன்னும் மங்குகிறார்.

ஒரே குடும்பத்து இருவர் வருவதை நல்ல சகுனமாகவே பலர் படிக்கிறார்கள். நான் கொஞ்சம் நிதானிப்பேன். குயின் ஆஃப் கப்ஸ், கிங் ஆஃப் கப்ஸ் என்றால் புரிதல் நிறைய இருக்கும், ஆனால் இருவரும் உணர்ந்ததை யாரும் சொல்லாமலே வருடங்கள் போகும். ஒரே பதவி இருவர் வந்தாலும் கவனிக்க வேண்டும். இரண்டு நைட் என்றால் இருவரும் பயணத்தில், உட்கார ஆளில்லை. இரண்டு குயின் என்றால் இருவரும் மற்றவர் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

சீட்டு தலைகீழாக விழுந்தால் ஆரம்பத்தில் எளிமையாக வைத்துக்கொள்ளலாம்: குணம் அதேதான், வெளிப்பட முடியாமல் அடைபட்டிருக்கிறது அல்லது அளவு மீறியிருக்கிறது. தலைகீழான நைட் ஆஃப் கப்ஸ் நீட்டிய கோப்பையைத் தானே பின்னால் இழுத்துக்கொள்கிறவர், அல்லது எல்லோருக்கும் நீட்டுகிறவர். எது என்பதைக் கேட்கிறவரின் கதையே சொல்லிவிடும். ரைடர் கட்டில் சீட்டைத் தலைகீழாக்கினால் பார்வைத் திசையும் மாறிவிடும் என்பதை மறக்க வேண்டாம். மேலே சொன்ன உதாரணத்தில் நைட் மட்டும் தலைகீழாக வந்திருந்தால், அவன் முகம் இடது பக்கம், அவள் பக்கம், திரும்பியிருக்கும். கொடுக்கத் தெரியாமல் தடுமாறுகிறவன், ஆனால் அவளைப் பார்க்கிறவன்.

"அவர்" என்ற இடத்தில் விழும் சீட்டு அவர் மனதின் படம் இல்லை. அவர் அங்கே வரவில்லை, கட்டைக் கலைக்கவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. கேட்கிறவர் அவரை எப்படி அனுபவிக்கிறாரோ அதன் படம் அது. அதனால் இரண்டு சீட்டையும் படித்த பிறகு நான் எப்போதும் கேட்கிறவரிடம், "வலது பக்கச் சீட்டில் இருப்பவர் உங்களைப் பற்றிக் கேட்க வந்திருந்தால், உங்களுக்கு எந்தச் சீட்டு விழுந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்பேன். கோர்ட் கார்டுகள் 16-ஐயும் மேஜையில் பரப்பி ஒன்றை எடுக்கச் சொல்வேன். குயின் ஆஃப் ஸ்வார்ட்ஸ் விழுந்த ஒருவர் கிங் ஆஃப் ஸ்வார்ட்ஸை எடுத்தால், தான் அவர் கண்ணுக்குத் தீர்ப்பு சொல்கிறவராகத் தெரிவதாக அவரே உணர்கிறார். பேஜ் ஆஃப் கப்ஸை எடுத்தால், அவர் முன்னால் தான் காட்டுவது வேறு முகம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த கேள்வியை அங்கிருந்து தொடங்கலாம்.